லெக்கிங்ஸ் இழுபடும்போது ஏன் உள்ளே தெரிகிறது

கேள்வி: "கடையில் கையில் எடுத்துப் பார்த்தப்போ நல்ல தடிமனா இருந்த கறுப்பு லெக்கிங்ஸ், போட்டுட்டுக் குனிஞ்சா உள்ளே இருக்கிறது தெரியுது. லேபிள்ல காட்டன் 96%, எலாஸ்டேன் 4% னு இருக்கு. எலாஸ்டேன் அதிகமா இருக்கிறதா பார்த்து வாங்கினா சரியாகுமா? கறுப்பே இப்படின்னா வெளிர் நிறத்தை எப்படி நம்பி வாங்கறது?"

எலாஸ்டேன் சதவீதத்தைப் பார்த்து வாங்கினால் சரியாகாது. சில சமயம் மோசமாகக்கூட ஆகும். பின்னல் துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், இந்தக் குழப்பத்தை வாங்குபவர்களிடம் மட்டுமல்ல, தைத்து விற்பவர்களிடமும் பார்க்கிறேன். காரணம், எலாஸ்டேன் என்ற ரப்பர் போல இழுபடும் இழை துணியைத் தடிமனாகக் காட்டும். ஆனால் மறைப்பது அது அல்ல, நூல். உங்கள் உடம்பின் மேல் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் எவ்வளவு நூல் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

துணி எப்படி ஆகிறது என்று பார்த்தால் இது புரியும். காட்டன் லெக்கிங்ஸ் பெரும்பாலும் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒற்றை அடுக்குப் பின்னல். நூல் வரிசை வரிசையாகக் கண்ணி போட்டுக்கொண்டே போகிறது. பருத்தி நூலோடு கூடவே, அதன் பின்பக்கத்தில், தலைமுடியைவிட மெல்லிய எலாஸ்டேன் இழை ஒன்று ஓடும். அதை அப்படியே விடமாட்டார்கள். ஏறத்தாழ மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்த நிலையில் ஊசிக்குக் கொடுப்பார்கள். துணி இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த இழை சுருங்கப் பார்க்கும். சுருங்கும்போது பக்கத்தில் இருக்கும் பருத்திக் கண்ணிகளையும் சேர்த்து இழுத்து, ஒன்றோடொன்று நெருக்கிவிடும். நீங்கள் கடையில் தொட்டுப் பார்த்த 'தடிமன்' இந்த நெருக்கம்தான். எலாஸ்டேன் அங்கே நூலைக் கூட்டவில்லை, இருக்கும் நூலைச் சின்ன இடத்தில் ஒடுக்கி வைத்திருக்கிறது.

எண்ணிக்கையோடு ஒரு துணியைப் பார்ப்போம். 30 கவுண்ட் பருத்தி நூல், 20 டெனியர் எலாஸ்டேன், ஒரு கண்ணிக்கு 3 மில்லிமீட்டர் நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட், டெனியர் இரண்டும் நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் அளவுகள்; கவுண்ட் கூடினால் நூல் மெலியும், டெனியர் கூடினால் தடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு நீளவாக்கில் 22 கண்ணி, அகலவாக்கில் 16 கண்ணி. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 215 கிராம் வரும். இதைத்தான் ஜிஎஸ்எம் என்கிறோம். லெக்கிங்ஸுக்கு இது நல்ல துணி என்றே யாரும் சொல்வார்கள். இதில் ஒரு கண்ணியின் அகலம் 0.63 மில்லிமீட்டர். 30 கவுண்ட் நூலின் குறுக்களவு சுமார் 0.165 மில்லிமீட்டர். ஒரு கண்ணியின் அகலத்துக்குள் அதன் இரண்டு கால்களும், அதோடு பின்னிக்கொள்ளும் அடுத்த வரிசைக் கண்ணியின் பகுதிகளுமாக ஏறத்தாழ நான்கு நூலின் அகலம் அடங்க வேண்டும். நான்கு நூலுக்கு 0.66 மில்லிமீட்டர் வேண்டும், இருப்பதோ 0.63. அதனால் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வெளிச்சம் நேராகப் புகுந்து வர இடமே இல்லை.

இப்போது அதே துணி உடம்பின் மேல் ஏறுகிறது. குனியும்போது இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தில் அகலத்தில் 40 சதவீதமும் நீளத்தில் 15 சதவீதமும் இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சைஸ் சின்னதாக எடுத்தால் இது ஒன்றும் அதிகமில்லை. கண்ணியின் அகலம் 0.63 லிருந்து 0.88 ஆகிவிடும். நூலுக்குத் தேவைப்பட்டது அதே 0.66 தான். மிச்சமிருக்கும் 0.2 மில்லிமீட்டர் சொச்சம் வெறும் ஓட்டை. உண்மையில் கண்ணி சாய்ந்து வளைந்துதான் விரியும், நூலும் இறுகி இன்னும் மெலியும், அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 1.4 ஐ 1.15 ஆல் பெருக்க 1.61 மடங்கு. நூல் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. 215 ஐ 1.61 ஆல் வகுத்தால் 134. கையில் 215 ஆக இருந்த துணி, குனிந்த நேரத்தில் உங்கள் மேல் 134 ஜிஎஸ்எம் துணியாக நிற்கிறது. அது மெல்லிய டி-ஷர்ட் துணியின் கனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையால் ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தால் துணி அகலத்தில் விரிந்து நீளத்தில் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். ஓட்டை அவ்வளவாகத் தெரியாது. குனியும்போது அப்படிச் சுருங்க வழியில்லை. இடுப்புப் பட்டை மேலே பிடித்துக்கொள்கிறது, தொடை கீழே பிடித்துக்கொள்கிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. பின்பக்கமும் முழங்காலும் மட்டும் முதலில் காட்டிக்கொடுப்பது இதனால்தான். கடையில் கையில் இழுத்துப் பார்த்து ஏமாறுவதும் இதனால்தான்.

சரி, அந்த 4 சதவீதம் என்ன சொல்கிறது? கிட்டத்தட்ட ஒன்றும் சொல்வதில்லை. மேலே சொன்ன துணியில் 20 டெனியர் இழை ஒவ்வொரு வரிசையிலும் ஓடுகிறது, எடையில் அதன் பங்கு சுமார் 3.6 சதவீதம். அதையே 40 டெனியர் இழையாக எடுத்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் கொடுத்தாலும் பங்கு அதே 3.6 தான். லேபிளில் இரண்டுக்கும் '4%' என்று அச்சாகும். ஆனால் முதல் துணியில் எல்லா வரிசையும் சீராக நெருங்கும். இரண்டாவதில் இழை இல்லாத வரிசைகள் தளர்வாக நிற்கும், மொத்தத்தில் கனமும் குறையும். துணி வாங்கும் இடத்தில் இதை ஃபுல் ஃபீடர், ஹாஃப் ஃபீடர் என்று கேட்டு வாங்குவார்கள். அந்த விவரம் உங்கள் கைக்கு வரும் லேபிளில் ஒருபோதும் வராது.

இதைவிடப் பெரிய விஷயம், துணியை விரித்துச் சூடாக்கும் ஸ்டென்டர் என்ற இயந்திரத்தில் நடக்கிறது. எலாஸ்டேன் கலந்த துணியை சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில், குறிப்பிட்ட அகலத்துக்கு விரித்துப் பிடித்து நிலைப்படுத்துவார்கள். செய்யாவிட்டால் ஓரம் சுருளும், துவைத்ததும் துணி கோணும். ஆகவே அது தேவையான வேலைதான். ஆனால் எந்த அகலத்தில் பிடிப்பது என்பதில் விளையாட்டு இருக்கிறது. 150 சென்டிமீட்டரில் நிலைப்படுத்த வேண்டிய துணியை 165 இல் பிடித்தால், அதே கிலோ துணியிலிருந்து பத்து சதவீதம் கூடுதல் பரப்பு கிடைக்கும். 215 ஜிஎஸ்எம் 195 ஆக இறங்கும். வெட்டும் அட்டை மாறாது, அதனால் ஒவ்வொரு லெக்கிங்ஸிலும் போகும் நூல் குறைகிறது. உடம்பின் மேல் 134 ஆக நின்றிருக்க வேண்டியது 121 ஆகிறது. பொருள் அதே, லேபிள் அதே, சதவீதமும் அதே.

எலாஸ்டேன் அதிகமானால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். துணி இன்னும் தூரம் இழுபடும், இன்னும் வேகமாகத் திரும்பும். முழங்காலில் பை போல தொங்காது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இன்னும் தூரம் இழுபடும் என்பதால், இன்னும் சின்னதாக வெட்டித் தைத்தாலும் உங்களுக்கு 'பொருந்தும்'. எல்லோருக்கும் ஒரே சைஸ் என்று விற்பவை இந்தத் துணிவில் செய்யப்பட்டவை. ஒல்லியானவர் போட்டால் நன்றாக மறைக்கும். பருமனானவர் போட்டால் அதே நூல் அதிக இடத்தை மூட வேண்டும். 2013 மார்ச்சில் லுலுலெமன் நிறுவனம் தன் கடைகளில் இருந்த பெண்களுக்கான கீழாடைகளில் சுமார் 17 சதவீதத்தை, உள்ளே தெரிகிறது என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெற்றது. அந்தத் துணி 86 சதவீதம் நைலான், 14 சதவீதம் லைக்ரா. லைக்ரா என்பது எலாஸ்டேனின் ஒரு வணிகப் பெயர்தான். நிறமோ கறுப்பு. உங்கள் கேள்வியின் இரண்டு நம்பிக்கைக்கும் அது ஒன்றே பதில்.

நூல்தான் கணக்கு என்றால் அதைச் சோதிக்க எளிய வழி எடை. உங்களுக்குப் பொருந்தும் சைஸில், ஒரே நீளமும் ஒரே மாதிரி இடுப்புப் பட்டையும் உள்ள இரண்டு லெக்கிங்ஸைத் தராசில் வையுங்கள். இரண்டும் மூடப்போவது உங்கள் ஒரே உடம்பைத்தான், அதனால் கனமானதில் மூடுவதற்கு அதிக நூல் இருக்கிறது. கீழே விரித்தால் சின்னதாகவும் தடிமனாகவும் இருக்கிறதா, பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதா என்பது இங்கே இரண்டாம் பட்சம். துவைத்தால் சுருங்கித் தடிக்கும், அப்புறம் தெரியாது என்று சிலர் சொல்வதும் இதனால்தான் பலிப்பதில்லை. சுருங்கிய துணியை நீங்கள் போடும்போது மறுபடியும் அதே அளவுக்கு விரித்துத்தானே ஆக வேண்டும். மாறாக, ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் உண்மையாகவே வித்தியாசம் வரும். நம் உதாரணத் துணியில் இழுவை அகலத்தில் 25, நீளத்தில் 10 சதவீதமாகக் குறைந்தால் உடம்பின் மேல் 156 ஜிஎஸ்எம் நிற்கும். 134 க்கும் 156 க்கும் இடையே கண்ணால் பார்க்கும் வித்தியாசம் அதிகம்.

எடைச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரே எடையில் தடித்த நூலால் பெரிய கண்ணி போட்ட துணியும் வரும், மெல்லிய நூலால் நெருக்கமாகப் பின்னிய துணியும் வரும். இரண்டாவதே நன்றாக மறைக்கும். தடித்த நூலில் பஞ்சு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஆழத்தில் கிடக்கிறது. மெல்லிய நூலில் அதே பஞ்சு பரந்து கிடக்கிறது. உடற்பயிற்சிக்கான நைலான், பாலியெஸ்டர் லெக்கிங்ஸ் பலவற்றில் மெல்லிய நூலால் இன்டர்லாக் பின்னல் போடுவார்கள். அதில் முன்னும் பின்னும் இரண்டு முகத்திலும் கண்ணி இருக்கும், ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நூல் குறுக்கே போய்க்கொண்டிருக்கும். இழுக்கும்போது முன்முகத்தில் வாய் திறந்தாலும் பின்னால் இன்னும் ஒரு நூல் நிற்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: துணியின் உள்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 'V' வரிசையாகத் தெரிந்தால் இரட்டைப் பின்னல். வெளியே 'V' யும் உள்ளே குறுக்குக் கோடுகளும் தெரிந்தால் ஒற்றைப் பின்னல். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எலாஸ்டேன் சதவீதத்தைப் பார்க்காமலே இரட்டைப் பின்னலை எடுப்பேன்.

இனி நிறம். வெளிச்சம் துணிக்குள் இரண்டு வழியில் போகிறது: நூல்களுக்கு நடுவே ஓட்டை வழியாக ஒன்று, நூலின் வழியாகவே இன்னொன்று. கறுப்புச் சாயம் இரண்டாவது வழியை அநேகமாக அடைத்துவிடும். நூலுக்குள் போன வெளிச்சம் அங்கேயே விழுங்கப்படும். ஓட்டை வழியாகப் போனதை அது ஒன்றும் செய்ய முடியாது. அந்த வெளிச்சம் தோலில் பட்டு, அதே ஓட்டை வழியாகத் திரும்பி வருகிறது. சுற்றிலும் நூல் கறுப்பாக இருப்பதால், நடுவில் தெரியும் தோல் அல்லது வெளிர் நிற உள்ளாடை பளிச்சென்று எடுத்துக்காட்டும். அதனால் கறுப்பு ஒரு அளவுவரை மிக நன்றாக மறைக்கும், கண்ணிகள் திறந்த பிறகு சட்டென்று கைவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

வெளிர் நிறத்தில் கதை வேறு. பருத்தி இழையும் நைலான் இழையும் தன்னளவில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக்கூடியவை. வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரிவது, இழைக்கும் காற்றுக்கும் நடுவே வெளிச்சம் திரும்பத் திரும்பச் சிதறுவதால். சிதறும் வெளிச்சத்தில் ஒரு பங்கு உள்ளே போய்த் தோலைத் தொட்டுத்தான் திரும்பும். எனவே இழுக்காமலே, ஓட்டையே இல்லாமலே, வெள்ளையும் வெளிர் நிறங்களும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நனைந்தால் இன்னும் மோசம். இழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது. இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. இந்த எண்களின் வித்தியாசம் குறைந்ததும் சிதறல் குறைகிறது, துணி ஊடுருவித் தெரிகிறது. வியர்வையில் நனைந்த வெளிர் சாம்பல் லெக்கிங்ஸ் இடுப்பில் மட்டும் தெரிவது இதுதான். செயற்கை இழையில் இதற்கு ஒரு மருந்து உண்டு: இழை உருவாகும்போதே டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை உள்ளே கலப்பார்கள். அதன் ஒளிவிலகல் எண் 2.5 க்கும் மேல், அதனால் நனைந்தாலும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அது அதிகமாகக் கலந்த இழைக்கு ஃபுல் டல் என்று பெயர். தொட்டால் தெரியாது, பார்த்தால் பளபளப்பே இருக்காது. வெள்ளை லெக்கிங்ஸ் வாங்குவதென்றால் மினுமினுப்பானதைத் தவிர்த்து மங்கலானதை எடுங்கள் என்பேன்.

உள்ளே என்ன நிறம் போடுவது என்பதும் இதிலிருந்தே வருகிறது. கண் பிடிப்பது வித்தியாசத்தைத்தான். வெள்ளைக்கு அடியில் வெள்ளை உள்ளாடை போட்டால் தோலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஓரம் ஓரமாகத் தெரியும். தோல் நிறத்தில் போட்டால் ஓரம் மறைந்துவிடும். கறுப்புக்கு அடியில் கறுப்புப் போட்டால் ஓட்டை வழியாகவும் கறுப்பே தெரியும்.

உள்ளே தெரிவதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு குறை இருக்கிறது. கறுப்புக் காட்டன் லெக்கிங்ஸை இழுத்தால் தோல் தெரியாமல், துணியே சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத் தெரியும். பருத்திக்குப் போடும் சாயம் எலாஸ்டேனில் ஏறாது. நெருக்கமாக இருக்கும்போது பின்னால் ஒளிந்திருந்த வெள்ளை இழை, கண்ணி திறந்ததும் பல்லிளிக்கிறது. வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்த டிசைன்களிலும் இப்படித்தான். அச்சு மேற்பரப்பில் மட்டும் நிற்கிறது, இழுத்தால் அடியில் இருக்கும் வெள்ளை வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய, காலுக்குள் ஒரு கறுப்புத் துணியைச் செருகி அந்த இடத்தை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வெளுப்பாகத் தெரிந்தால் அது இழையின் நிறம். வெளுப்பு மறைந்துவிட்டால் இதுவரை தெரிந்தது தோல்.

உங்களுடையது எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிய, தட்டையாக விரித்து, பின்பக்கத்தில் தையல்காரச் சாக்கட்டியால் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரையுங்கள். போட்டுக்கொண்டு குனிந்து, வேறொருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 14 க்கு 11.5 வந்தால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கும் பொருந்தும். 12 க்கு 11 தான் வருகிறது, ஆனாலும் உள்ளே தெரிகிறது என்றால் குற்றம் சைஸில் இல்லை, துணியில் நூலே போதவில்லை. பெரிய சைஸ் எடுத்தாலும் பெரிதாகப் பலனிருக்காது. கடையில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒரு கையைக் காலுக்குள் விட்டு, விரல்களை நன்றாக விரித்து, இன்னொரு கையால் துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் இழுபடும் நிலை கிட்டத்தட்ட வந்துவிடும். விரல் ரேகையும் நகத்தின் ஓரமும் தெரிந்தால் வேண்டாம். சன்னலோரம் போய்ப் பாருங்கள். கடைக்குள் மங்கல் வெளிச்சத்தில் தெரியாதது வெயிலிலும் கேமரா ஃப்ளாஷிலும் தெரியும்.

'இத்தனை ஜிஎஸ்எம் இருந்தால் தெரியாது' என்று ஒரு எண்ணைக் கேட்டால் என்னால் தர முடியாது. உங்கள் இழுவை, நூல், நிறம், தோலின் நிறம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஒற்றைப் பின்னல் காட்டனில் வெளிர் நிறத்துக்கு 200 க்குக் கீழே நான் போகமாட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

முன்பு மறைத்துக்கொண்டிருந்த லெக்கிங்ஸ் இப்போது தெரிகிறது என்றால் காரணம் வேறு. உரசி உரசிப் பருத்திப் பஞ்சு உதிர்ந்து நூல் இளைத்திருக்கும், தொடையின் உள்பக்கத்தில் முதலில். இன்னொரு பக்கம், சூடான உலர்த்தியும் இஸ்திரியும் குளோரின் பிளீச்சும் எலாஸ்டேனைக் கெடுக்கும். இழை அங்கங்கே அறுந்து, கண்ணிகள் சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் திறக்கும். இழுத்துப் பிடித்தால் சின்ன வெள்ளை முடி மாதிரி இழைத்துண்டுகள் துணியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். அது வந்துவிட்டால், நீளமான மேலாடையோடு போடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.